சாதனையைச் சகாக்களிடம் சொல்லும் முறை

சொந்தச் சாதனையைக் குழுவுக்குத் தெரிவிக்க மூன்று விவரங்கள் போதும்: என்ன நடந்தது, அதில் தன் பங்கு எது, பிறருக்கு என்ன பயன். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் மாத அறிக்கைக்கான எக்செல் தாளை மாற்றியமைத்ததாகக் கொள்வோம். "3 மணி நேர வேலை இப்போது 20 நிமிடத்தில் முடிகிறது. சூத்திரங்களை நான் எழுதினேன். பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் கண்டுபிடித்தவர்கள் கிடங்குப் பிரிவினர். கிளைக் கணக்குகளுக்கு இது இன்னும் சரிவராது" என்று அவர் எழுதலாம்.

"யாராலும் முடியாததை முடித்தேன்" என்பது மற்றவர்களை மட்டம்தட்டும் ஒப்பீடு. அதுதான் தற்பெருமையாகப் படுகிறது. "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்றாலோ, தாளில் சிக்கல் வரும்போது யாரைக் கேட்பது என்றே தெரியாது. அடைமொழிகளை நீக்கிய பிறகும் செய்தி முழுமையாக நின்றால் அளவு சரி.