அம்மா கைப்பட எழுதிய மசாலா குறிப்பை அரபிக்கு மாத்தணுமா? 'கால்' முதல் கசகசா வரை கவனிக்க வேண்டியவை

வளைகுடா நாடுகளில் சமையல் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கும் இந்தக் கோரிக்கை வந்திருக்கும். "அன்னைக்குச் செஞ்ச கோழிக்குழம்பு நல்லா இருந்துச்சு, அதை அரபியில் எழுதிக் கொடு" என்று வீட்டுக்காரம்மா கேட்பார். ஊரிலிருந்து அம்மா எழுதின சீட்டின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதை அப்படியே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஒரு நிமிஷத்தில் அரபி எழுத்து வந்துவிடும். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கு என்பது கொடுப்பவருக்கும் தெரியாது. வாங்குபவருக்கோ, மூலச் சீட்டில் என்ன இருந்தது என்று தெரியாது.

இதில் தப்பு நடந்தால் ருசி மட்டும் கெடாது. ஒரு பொருள் சட்டச் சிக்கலில்கூட கொண்டுபோய் விடும். அது எது, மற்ற இடங்களில் எங்கே வழுக்கும் என்பதை ஒரு மாதிரிச் சீட்டை வைத்தே பார்க்கலாம்.

சீட்டில் இருப்பது இதுதான்: மல்லி 1 கப், மிளகாய் வத்தல் 15, சோம்பு 1½ மே.க, சீரகம் 1 தே.க, மிளகு 1 தே.க, பட்டை 2, கிராம்பு 3, அன்னாசிப்பூ 1, கல்பாசி கொஞ்சம், கசகசா 1 மே.க, மஞ்சள் கால் தே.க. கடைசியில் ஒரு வரி: "எல்லாம் வறுத்து, ஆறினதும் அரை."

முதலில் போட்டோவை அல்ல, எழுத்தை மாத்துங்க

போட்டோவை மொழிபெயர்க்கும் செயலி இரண்டு வேலை செய்கிறது. முதலில் படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கிறது, பிறகுதான் மொழிபெயர்க்கிறது. அச்சு எழுத்தென்றால் முதல் வேலை சுலபம். கையெழுத்தில், அதுவும் எண்ணெய் பட்ட பழைய தாளில், அங்கேயே சறுக்கிவிடும். படிக்கும்போது விழுந்த தப்பு அரபிக்குப் போன பிறகு வெளியே தெரியாது.

நம் சீட்டில் பெரிய ஆபத்து 'தே.க', 'மே.க' என்ற சுருக்கங்கள். தே.க என்றால் தேக்கரண்டி, 5 மில்லி. மே.க என்றால் மேசைக்கரண்டி, 15 மில்லி. அவசரமாக எழுதினால் 'தே'யும் 'மே'யும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அளவு மூணு மடங்கு மாறிவிடும். அடுத்தது '1½'. இதைச் செயலி 112 என்றோ, 11/2 என்றோ படிக்க வாய்ப்பு இருக்கு.

அதனால் சீட்டைப் பார்த்து நீங்களே ஒருமுறை தமிழில் டைப் செய்துகொள்வது நல்லது. சுருக்கங்களை விரித்து எழுதுங்க. பின்னங்களை எண்ணாக இல்லாமல் சொல்லாக எழுதுங்க. சந்தேகமான எழுத்து இருந்தால் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

'கால்', 'அரை', 'மல்லி': ஒரு சொல், ரெண்டு அர்த்தம்

டைப் செய்தாலும் அடுத்த சிக்கல் இருக்கு. தமிழ்ச் சமையலறைச் சொற்கள் பலவற்றுக்கு வேறு அர்த்தமும் உண்டு. 'கால்' என்பது நாலில் ஒரு பங்கு, உடம்பில் இருக்கும் காலும் அதுதான். 'அரை' என்றால் பாதி, மிக்ஸியில் போட்டு அரைப்பதும் அதுதான். 'மல்லி' கொத்தமல்லியும் ஆகும், மல்லிகையும் ஆகும். 'மஞ்சள்' பொருளின் பெயர், நிறத்தின் பெயரும்கூட. சீட்டில் முழு வாக்கியம் இல்லாமல் வெறும் சொல்லாக இருப்பதால், எந்த அர்த்தம் என்று செயலிக்குத் தெரிய வழியில்லை.

தமிழ் வரியையே கொஞ்சம் மாற்றி எழுதினால் இது சரியாகிவிடும். 'மஞ்சள் கால் தே.க' என்பதை 'மஞ்சள் தூள், ஒரு தேக்கரண்டியில் நான்கில் ஒரு பங்கு' என்று எழுதுங்க. 'மல்லி' என்பதைக் 'காய்ந்த கொத்தமல்லி விதை' என்று எழுதுங்க. அரபியிலும் குஸ்பரா என்ற ஒரே சொல் இலைக்கும் விதைக்கும் வரும். 'விதை' என்று சேர்க்காவிட்டால் வீட்டுக்காரம்மா ஒரு கப் தழையை வாங்கி வைத்துவிடலாம்.

மிளகாயிலும் இதே கதைதான். அரபியில் ஃபில்ஃபில் என்ற சொல் மிளகையும் குறிக்கும், மிளகாயையும் குறிக்கும். ஃபில்ஃபில் அஸ்வத் என்றால் கருமிளகு. மிளகாய் வத்தலுக்கு 'காய்ந்த, காரமான, சிவப்பு' என்ற மூன்று அடைமொழியும் சேர வேண்டும்.

சோம்பு எப்படி மாறிப் போகுது?

தமிழிலிருந்து அரபிக்கு மாற்றும்போது பெரும்பாலும் நடுவில் ஆங்கிலம் வந்துவிடும். செயலி அப்படிப் போகலாம், நாமே ஆங்கிலப் பெயர் தேடி அங்கிருந்து அரபிக்கும் போகலாம். இந்த வளைவில்தான் சோம்பு மாறுகிறது. இந்திய ஆங்கிலத்தில் சோம்பை ஃபென்னல் என்றும் சொல்கிறார்கள், அனிஸீட் என்றும் சொல்கிறார்கள். அனிஸீட் என்று எடுத்தால் அரபியில் யான்சூன் ஆகிவிடும். அது வேறு செடியின் விதை. அரபு வீடுகளில் கொதிக்க வைத்து டீ மாதிரி குடிப்பார்கள். நம் சோம்புக்கு அரபியில் ஷமர். யான்சூன் விதை சோம்பை விடச் சின்னதாக, உருண்டையாக இருக்கும். சோம்பு நீளமாக, பச்சை கலந்து, கோடு கோடாக இருக்கும். கடையில் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

அன்னாசிப்பூவைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அன்னாசிப் பழத்தின் பூ ஆகிவிடும். அரபியில் அதற்கு யான்சூன் நஜ்மி என்று பெயர், நட்சத்திர யான்சூன் என்று அர்த்தம். அதாவது ஒரே சீட்டில் சோம்பைத் தப்பாக மொழிபெயர்த்தால், ரெண்டு யான்சூன் வந்து நிற்கும்.

கல்பாசி கடலிலோ குளத்திலோ வளரும் பாசி இல்லை, பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு வகைக் கற்பூஞ்சை. அரபியில் உஷ்னா என்று சொன்னால் பொருள் சரிதான், ஆனால் எல்லாக் கடைக்காரருக்கும் புரியும் என்று சொல்ல முடியாது. வளைகுடாவில் இருக்கும் இந்தியக் கடைகளில் 'தகட் பூல்' அல்லது 'பத்தர் கே பூல்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பெயரையே அரபி எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு போட்டோ வைப்பதுதான் இங்கே சிறந்த மொழிபெயர்ப்பு.

படிப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் பாருங்க. ஏலக்காயை வளைகுடாவில் ஹேல் என்பார்கள், எகிப்துக்காரர் ஹப்பஹான் என்பார். பட்டைக்குப் பொதுப் பெயர் கிர்ஃபா, வளைகுடாவில் தார்சீன் என்றும் சொல்வார்கள்.

எந்தக் கப்? எந்தக் கரண்டி?

சமையல் புத்தகத்துக் கப் 240 அல்லது 250 மில்லி. ஆனால் அம்மா சொல்லும் கப் பெரும்பாலும் வீட்டு டம்ளர்தான். அதில் தண்ணீர் நிறைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்க. நம் சீட்டில் அந்த டம்ளர் 150 மில்லி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 240 மில்லி கப்பில் கொத்தமல்லி விதை சுமார் 80 கிராம் பிடிக்கும். 150 மில்லி டம்ளரில் சுமார் 50 கிராம்தான். 'ஒரு கப்' என்றே மொழிபெயர்த்தால் 30 கிராம் மல்லி கூடுதலாக விழும், குழம்பில் மல்லி வாசனை மட்டும்தான் நிற்கும். எனவே மொழிபெயர்ப்பில் '50 கிராம்' என்று எழுதிவிடுவது பாதுகாப்பு.

கப்பாகத்தான் எழுத வேண்டும் என்றால் கூப் என்ற சொல்லைப் பயன்படுத்துங்க. ஃபின்ஜான் வேண்டாம். வளைகுடாவில் அது காவா குடிக்கும் கைப்பிடி இல்லாத குட்டிக் கோப்பை.

கரண்டிக்கு அரபியில் மிலஅகா. தேக்கரண்டி என்றால் மிலஅகா சகீரா, அதாவது சின்னக் கரண்டி. மேசைக்கரண்டி மிலஅகா கபீரா, பெரிய கரண்டி. இந்த அடைமொழி விட்டுப்போனால் அளவு மறுபடியும் மூணு மடங்கு ஆடும். நம் ஊர் குழிக்கரண்டி ரெண்டிலும் சேராது, அதையும் மில்லியில் அளந்துதான் எழுதணும்.

எண்களிலும் ஒரு கண் இருக்கட்டும். வளைகுடாவில் பல இடங்களில் எழுதும் அரபி எண்களில் 5 பார்ப்பதற்கு நம் பூஜ்ஜியம் போல வட்டமாக இருக்கும், பூஜ்ஜியம் வெறும் புள்ளியாக இருக்கும். திரையைப் பார்த்துக் கையால் எழுதும்போது 50 எளிதில் மாறிவிடும்.

கசகசா: இங்கேதான் நிறுத்தணும்

கசகசாவுக்கு அரபிப் பெயர் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கஷ்காஷ் என்பார்கள், கேட்கவே நம் சொல் மாதிரி இருக்கும். ஆனால் அது அபினி தரும் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதி அரேபியாவிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். ஊரில் மளிகைக் கடையில் சாதாரணமாக வாங்கும் பாக்கெட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்கினால் விமான நிலையத்திலேயே போதைப்பொருள் வழக்கு வரலாம். ஆகவே இந்த வரியைச் சரியாக மொழிபெயர்ப்பதே படிப்பவரைச் சிக்கலில் விடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கேரளத்தவர் பலர் 'கஸ்கஸ்' என்று சொல்வது சப்ஜா விதையை, ஃபலூடாவில் போடுவது. அதை வாங்கி வறுத்து அரைத்தால் குழம்பில் வழவழப்புதான் வரும்.

குழம்பில் கசகசாவின் வேலை கெட்டித்தன்மை கொடுப்பது. அதை முந்திரி செய்யும். நம் சீட்டில் 'கசகசா 1 மே.க' என்ற வரியை எடுத்துவிட்டு 'முந்திரி 6' என்று தமிழிலேயே மாற்றிக்கொண்டு, பிறகு மொழிபெயர்க்கலாம். அரபியில் முந்திரி காஜு. வீட்டில் யாருக்காவது முந்திரி, கொட்டை வகை ஒவ்வாமை இருந்தால் பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி போதும். கொடுக்கும் முன் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடணும்.

கடைசியாக எப்படிச் சரிபார்ப்பது?

அரபி படிக்கத் தெரியாவிட்டாலும் ரெண்டு சோதனை செய்யலாம். ஒன்று, வந்த அரபி வரிகளைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்க. 'மல்லிகை', 'பாதம்', 'மஞ்சள் நிறம்' என்று ஏதாவது வந்தால் அந்த வரி தப்பு. ஆனால் சோம்பு மாதிரியான தப்பு இதில் சிக்காமல் போகலாம், யான்சூனும் திரும்பச் 'சோம்பு' என்றே வரக்கூடும். அதற்கு ரெண்டாவது சோதனை: செயலியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேளுங்க. சோம்பு வரியில் ஷமர், சீரக வரியில் கம்மூன், மஞ்சள் வரியில் குர்கும் என்று காதில் விழணும்.

பிறகு அரபித் தாளோடு சோம்பு, அன்னாசிப்பூ, கல்பாசி மூன்றையும் ஒரு தட்டில் வைத்து எடுத்த போட்டோவையும் சேர்த்து அனுப்புங்க. பெயரில் சந்தேகம் வந்தால் கடைக்காரர் படத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்.