பழைய பதிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் முகவரி

மகளின் பிறந்தநாள் படத்தை ஒருவர் இன்ஸ்டாகிராமில் போடுகிறார். படத்துக்கு மேலே சின்ன எழுத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர். இன்னொரு பதிவில் ஆண்டுவிழா, பள்ளியின் பெயரோடு. மற்றொன்றில் சனிக்கிழமைக் காலை நீச்சல் வகுப்பு. கணக்கு பொதுவில் இருந்தால், முன்பின் அறியாத ஒருவர் இந்த மூன்றையும் வைத்தே அந்தக் குழந்தையின் வாரத்தைத் தெரிந்துகொள்வார். உங்கள் கணக்கைத் தேடி வரவேண்டும் என்றுகூட இல்லை. பள்ளியின் பெயரைத் தொட்டால், அந்த இடத்தைக் குறித்துப் போட்ட பொதுப் பதிவுகள் ஒரே பக்கத்தில் திரண்டு நிற்கும்.

இந்தப் பெயர் தானாக வருவதில்லை. பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுத்தது. அதனால் போனில் லொகேஷனை இப்போது அணைத்தாலும் பழைய பதிவிலிருந்து அது போகாது. பதிவின் மூன்று புள்ளிகளைத் தொட்டு Edit போய், இடப்பெயரைத் தொட்டு Remove location கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பதிவாகத்தான் செய்ய முடியும். நூற்றுக்கணக்கில் இருந்தால் Your activity பகுதியில் பல பதிவுகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து Archive செய்துவிட்டு, வேண்டியதை மட்டும் திருத்தி வெளியே எடுப்பது எளிது. வீடு, பள்ளி, டியூஷன் இருக்கும் பதிவுகளை முதலில் பாருங்கள். ஹைலைட்டில் உள்ள ஸ்டோரியின் இட ஸ்டிக்கரைத் திருத்த முடியாது. ஸ்டோரியையே எடுக்க வேண்டும். படத்துக்குள் தெரியும் சீருடையும் பெயர்ப்பலகையும் எந்தப் பொத்தானுக்கும் அழியாது.

இன்னொரு இடம் படக் கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கேமராவுக்கு லொகேஷன் அனுமதி இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் படத்தோடு சேர்ந்தே பதிவாகும். பெலீஸ் போலீஸ் விசாரணைக்காகத் தேடிய ஜான் மெக்காஃபி, 2012இல் குவாத்தமாலாவில் இருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது: வைஸ் இதழ் வெளியிட்ட படத்தில் அந்த எண்கள் அப்படியே இருந்தன. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இவை நீங்கிவிடும். டாகுமெண்டாக அனுப்பினால் கூடவே போகும்.

லைவ் லொகேஷன் வேறு வகை. நாம் நகர நகர அதுவும் நகரும். வாட்ஸப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று நேரம் குறித்துத்தான் அனுப்ப முடியும். இன்ஸ்டாகிராம் மேப் அப்படித் தொடர்வதில்லை. செயலியைத் திறக்கும்போதுதான் இருப்பிடத்தைப் புதுப்பிக்கிறது. ஆனால் அதில் பகிர்வை அணைத்திருந்தாலும், இடம் குறித்துப் போடும் பதிவு 24 மணி நேரம் வரைபடத்தில் தெரியும். ஆகவே இடத்தைக் குறிப்பதானால் அங்கிருந்து கிளம்பிய பிறகு குறிப்பது நல்லது.

வாட்ஸப்பில் யாருக்கு இன்னும் பகிர்வு ஓடுகிறது என்பதை Settings, Privacy, Live location வழியே பார்க்கலாம். நிறுத்திய பிறகும் அந்தச் செய்தியைத் தொட்டால் நீங்கள் கடைசியாக இருந்த இடம் தெரியும். பெரும்பாலும் அது வீடுதான். அதனால் போய்ச் சேர்ந்ததும் Delete for everyone கொடுத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் அந்த வசதி கிடைக்காமல் போகும்.