ஒரு கலத்தில் இரு வாயுக்கள்

வாயுவின் மூலக்கூறுகள் வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் விரைகின்றன என்று ஜெர்மானிய பௌதிக அறிஞர் கிளாசியஸ் 1857-இல் கணித்துக் காட்டியபோது, அப்படியாயின் அறையின் ஒரு மூலையில் எழும் வாசனை மறு மூலையை அடைய ஏன் இத்தனை தாமதம் என்று டச்சு அறிஞர் பாய்ஸ் பாலட் ஆட்சேபம் எழுப்பினார். மூலக்கூறுகள் இடையறாது ஒன்றோடொன்று மோதித் திசை மாறுகின்றன என்பதே மறு ஆண்டில் கிளாசியஸ் அளித்த சமாதானம். சராசரி மோதலிடைத் தூரம் என்னும் கருத்து அதில் பிறந்தது.

ஒரு வாயுவுக்கே இப்படியென்றால், இரண்டு கலந்தால் என்னாகும்? ஒரு கலத்தில் 4 மோல் ஹீலியமும் 1 மோல் ஆக்ஸிஜனும், 300 கெல்வின் உஷ்ணநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதாகக் கொள்வோம். உஷ்ணநிலை பொதுவாதலால், மூலக்கூறு ஒன்றின் சராசரி நேர்கோட்டு இயக்கசக்தி இரண்டுக்கும் சமமே. ஆனால் ஆக்ஸிஜன் எட்டு மடங்கு கனமானது. ஆகவே சராசரி இருமடிமூல வேகம் ஹீலியத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 1,370 மீட்டராகவும், ஆக்ஸிஜனுக்கு 484 மீட்டராகவும் அமைகிறது.

மோதலிடைத் தூரத்தைக் கணிப்பதில்தான் மாணவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். தனி வாயுவின் சூத்திரத்தில் வரும் √2, மோதும் இரு மூலக்கூறுகளும் ஒரே நிறையுள்ளவை என்பதால் வந்தது. நிறைகள் வேறானால் அவ்விடத்தில் √(1 + m₁/m₂) வரவேண்டும். ஆக்ஸிஜன் ஹீலியத்தைச் சந்திக்கும்போது இது √9, அதாவது 3. மெதுவாகச் செல்லும் ஆக்ஸிஜனை வேகமிக்க ஹீலியம் அடிக்கடி வந்து இடிப்பதையே இந்த மூன்று குறிக்கிறது. மூலக்கூறுகளின் விட்டம் முறையே 3.6, 2.2 ஆங்ஸ்ட்ராம் என்று கொண்டு, இரு வகை மோதல்களையும் கூட்டிப் பார்த்தால், ஆக்ஸிஜனுக்கு 55 நானோமீட்டரும் ஹீலியத்துக்கு 180 நானோமீட்டரும் கிடைக்கின்றன. ஆகவே கலவைக்கென்று ஒரே தூரத்தைக் கேட்கும் கேள்வி, எந்த மூலக்கூறின் தூரம் என்று சொல்லாதவரை, பூர்த்தியாகாத கேள்வியே.

சுதந்திர இயக்கக் கூறுகளைப் பொறுத்தவரை, ஓரணு ஹீலியத்துக்கு மூன்றும், சுழலவும் வல்ல ஈரணு ஆக்ஸிஜனுக்கு ஐந்தும் உண்டு. மோல்களின் விகிதப்படி சராசரி கண்டால், (12 + 5)/5 = 3.4, அதிலிருந்து வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம் 1 + 2/3.4, அதாவது 1.59. அப்படியன்றி இரு வாயுக்களின் விகிதங்களான 1.67, 1.40 ஆகியவற்றையே நேராகச் சராசரி செய்பவருக்கு 1.61 என்னும் பிழையான விடை வரும். கலக்கும்போது கூடுவது சக்தியேயன்றி, சக்திகளின் விகிதம் அன்று. இந்த 3.4-ம் நிரந்தரமன்று: உஷ்ணநிலை ஆயிரம் கெல்வினை நெருங்கும்போது ஆக்ஸிஜனின் அணுக்களிடை அதிர்வும் சக்தியில் பங்கு கேட்கத் தொடங்குவதால் அவ்வெண் உயரும், ஹீலியத்தின் மூன்றோ அப்போதும் மூன்றே.