டேர், டேன், டேம்: எது எங்கே?

ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு சிறு சொல் வரும். ஆண்பாலுக்கு ‘டேர்’, பெண்பாலுக்கு ‘டீ’, அஃறிணைப் பால் போன்ற மூன்றாவது பாலுக்கு ‘டஸ்’. தமிழில் ஆசிரியர், ஆசிரியரை, ஆசிரியருக்கு என்று சொல்லின் வால் மாறுகிறது. ஜெர்மனில் பெரும்பாலும் பெயர்ச்சொல் அப்படியே நிற்க, இந்தச் சிறு சொல்தான் மாறுகிறது. தொடக்கநிலைப் பயிற்சித்தாளில் கோடிட்டு விட்டிருப்பதும் இந்த இடத்தைத்தான்.

‘லேரர்’ என்றால் ஆசிரியர். ஆண்பால் சொல். அதையே வைத்துச் சில வாக்கியங்களை நிரப்பிப் பார்ப்போம்.

1. ___ லேரர் கொம்ட். (ஆசிரியர் வருகிறார்.)
2. இஷ் ஸேயெ ___ லேரர். (நான் ஆசிரியரைப் பார்க்கிறேன்.)
3. இஷ் டங்கெ ___ லேரர். (நான் ஆசிரியருக்கு நன்றி சொல்கிறேன்.)

முதல் வாக்கியத்தில் வருபவர் ஆசிரியர், அவரே எழுவாய். எழுவாய்க்கு நாமினேட்டிவ், அதாவது முதல் வேற்றுமை. விடை ‘டேர்’. இரண்டாவதில் பார்ப்பவர் நான், பார்க்கப்படுபவர் ஆசிரியர். செயப்படுபொருளுக்கு அக்யூசேட்டிவ், விடை ‘டேன்’. மூன்றாவதில் நன்றி அவருக்குப் போய்ச் சேர்கிறது. பெறுபவருக்கு டேட்டிவ், விடை ‘டேம்’.

நம் ‘ஐ’யும் ‘கு’வும் இதுவரை கைகொடுக்கின்றன. இரண்டும் ஒன்றாக வரும் வாக்கியத்திலும் அப்படித்தான். ‘இஷ் கேபெ ___ லேரர் ___ ஷ்லூஸல்’: ஆசிரியருக்குச் சாவியைக் கொடுக்கிறேன். ஜெர்மனில் சாவியும் ஆண்பால். ஆகவே முதல் கோட்டில் ‘டேம்’, இரண்டாவதில் ‘டேன்’. ஆனால் நாம் பேச்சில் ‘சாவி கொடுத்தேன்’ என்று ‘ஐ’யை விட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தில் சாவிக்கு ‘டேர்’ போட்டால் தவறு. உருபு காதில் விழாவிட்டாலும் கொடுக்கப்படும் பொருள் அக்யூசேட்டிவ்தான்.

‘டஸ் இஸ்ட் ___ லேரர்’ (இவர்தான் ஆசிரியர்) என்ற வாக்கியத்தில் கோடு பின்னால் இருப்பதால் பலர் ‘டேன்’ எழுதுவார்கள். இங்கே யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை; இருபுறமும் ஒரே ஆள். எனவே ‘டேர்’. இடத்தைப் பார்த்து விடை சொல்ல முடியாது. ‘டேன் லேரர் ஸேயெ இஷ்’ என்று முன்னால் வைத்தாலும் பார்க்கப்படுபவர் ஆசிரியரே.

தமிழ்க் காது ஏமாற்றும் இடங்கள் இனிமேல்தான் வருகின்றன.

4. இஷ் ரூஃபெ ___ லேரர் அன். (ஆசிரியருக்குப் போன் செய்கிறேன்.)
5. இஷ் ஃபோல்கெ ___ லேரர். (ஆசிரியரைப் பின்தொடர்கிறேன்.)

நான்காவதில் நமக்கு ‘கு’ கேட்கிறது. ஆனால் ‘அன்ரூஃபென்’ என்ற வினை அக்யூசேட்டிவை எடுக்கும்; விடை ‘டேன்’. ஐந்தாவதில் ‘ஐ’ கேட்கிறது. ‘ஃபோல்கென்’ எடுப்பதோ டேட்டிவ், விடை ‘டேம்’. பொருளை வைத்து இதை ஊகிக்க வழியில்லை. எந்த வேற்றுமை வேண்டும் என்பதை அந்தந்த வினையே முடிவு செய்கிறது.

‘இன்’ என்ற முன்னிடைச்சொல் வந்தால் கணக்கு வேறு. ‘இஷ் கேயெ இன் ___ பார்க்’ என்றால் பூங்காவுக்குப் போகிறேன். ‘இஷ் பின் இன் ___ பார்க்’ என்றால் பூங்காவில் இருக்கிறேன். ‘பார்க்’ ஆண்பால். ஓரிடத்தை நோக்கிப் போனால் அக்யூசேட்டிவ், அங்கேயே இருந்தால் டேட்டிவ். ஆகவே முதலில் ‘டேன்’, அடுத்து ‘டேம்’. இந்த ‘இன் டேம்’ வழக்கில் ‘இம்’ என்று சுருங்கும். ‘பூங்காவுக்கு’ என்பதில் உள்ள ‘கு’வை நம்பினால் இங்கேயும் வழுக்கும்.

இத்தனை உதாரணங்களும் ஆண்பாலில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. நாமினேட்டிவுக்கும் அக்யூசேட்டிவுக்கும் வேறுபாடு தெரிவது அதில் மட்டுமே. ‘டீ’யும் ‘டஸ்’ஸும் அக்யூசேட்டிவிலும் அப்படியே இருக்கும். டேட்டிவில்தான் ‘டஸ்’ ‘டேம்’ ஆகிறது, ‘டீ’ ‘டேர்’ ஆகிறது. ‘ஃப்ராவ்’ என்றால் பெண். ‘இஷ் டங்கெ டேர் ஃப்ராவ்’ என்பதில் ‘டேர்’ வருவதைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லை ஆண்பால் என்றோ எழுவாய் என்றோ எண்ணிவிடக் கூடாது.

எனவே விடை எழுதுமுன் மூன்று கேள்விகள்: பெயர்ச்சொல்லின் பால் என்ன? முன்னிடைச்சொல் ஏதேனும் இருக்கிறதா? இல்லையென்றால், அந்த வினை எதை எடுக்கும்? மூன்றாவதற்கு ஜெர்மன் அகராதியே உதவும். ‘ஒருவரை’ என்பதற்கு அது ‘யேமண்டென்’ என்றும், ‘ஒருவருக்கு’ என்பதற்கு ‘யேமண்டெம்’ என்றும் வினையின் அருகே குறிக்கும்; பெரும்பாலும் சுருக்கமாக. கடைசி எழுத்து ‘ன்’ என்றால் ‘டேன்’ எடுக்கும் வினை. ‘ம்’ என்றால் ‘டேம்’ எடுக்கும் வினை.