தொப்பை குறைஞ்சிருக்கா? இன்ச் டேப், போட்டோ, ஸ்மார்ட் ஸ்கேல்... எதை எவ்வளவு நம்பலாம்?

ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆகுது. பேன்ட் கொஞ்சம் லூஸான மாதிரி இருக்கு. ஆனா, வீட்டுல வாங்கி வெச்ச ஸ்மார்ட் ஸ்கேல்ல ஏறி நின்னா, 'பாடி ஃபேட்' போன மாசத்தைவிட அதிகம்னு காட்டுது. 'இவ்வளவு கஷ்டப்பட்டும் கொழுப்பு ஏறுதா?'னு வெறுத்துப்போய் ஜிம்மை விடுறவங்க உண்டு. சாப்பாட்டைப் பாதியாகக் குறைச்சு உடம்பைக் கெடுத்துக்கிறவங்களும் உண்டு. இந்த முடிவுகளை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கணும்: அந்த மெஷின் உண்மையிலேயே கொழுப்பை அளந்ததா?

ஸ்மார்ட் ஸ்கேல் அளப்பது கொழுப்பை அல்ல

ஸ்கேல்மேல் வெறுங்காலோடு நிற்கும்போது, உங்களுக்குத் தெரியாத அளவுக்கு மிகக் குறைந்த மின்சாரம் ஒரு காலில் ஏறி இன்னொரு காலில் இறங்குகிறது. தசையில் தண்ணீர் அதிகம் என்பதால் மின்சாரம் அதன் வழியே சுலபமாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு. அங்கே தடை அதிகம். மெஷின் அளப்பது இந்தத் தடையை மட்டும்தான். அதோடு நீங்க ஆப்பில் கொடுத்த உயரம், வயது, பாலினம், மெஷின் எடுத்த எடை எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, 'உங்க கொழுப்பு இத்தனை சதவிகிதமாக இருக்கலாம்' என்று ஊகிக்கிறது.

இன்னொரு சிக்கல், மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகத்தான் போய் வருகிறது. நாம கவலைப்படுற தொப்பைப் பக்கம் அது சரியாகப் போவதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம். 78 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மெஷின் 26% காட்டுகிறது. அதாவது, சுமார் 20.3 கிலோ கொழுப்பு. அவர் ஒரு லிட்டர் தண்ணீர் குடிச்சிட்டு உடனே மறுபடி ஏறுகிறார். எடை 79 கிலோ. வயிற்றில் இருக்கும் அந்தத் தண்ணீரை மின்சாரம் ஏறக்குறைய 'பார்ப்பதே' இல்லை. அதனால், கூடிய ஒரு கிலோவைக் கொழுப்புக் கணக்கில் சேர்த்தால், முடிவு கிட்டத்தட்ட 27%. குடிச்சது வெறும் தண்ணீர்!

இது ஊகம்தான் என்பதை நீங்களே சோதிக்கலாம். சில ஸ்கேல்களின் ஆப்பில் 'அத்லெட் மோடு' இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு மறுபடி ஏறிப் பாருங்க. உடம்பு அதே உடம்பு. சதவிகிதம் மட்டும் சட்டுனு இறங்கும். மாறியது சூத்திரம்தான்.

'அப்போ இணையத்துல கழுத்து, இடுப்பு அளவு கேட்டு பாடி ஃபேட் சொல்ற கால்குலேட்டர்?' அவற்றில் பல, 1984-ல் அமெரிக்கக் கடற்படை வீரர்களை வைத்து உருவாக்கிய சூத்திரத்தைப் பயன்படுத்துபவை. 170 செ.மீ உயரம், 37 செ.மீ கழுத்து, 90 செ.மீ இடுப்பு உள்ள ஆணுக்கு அது 22.2% என்று சொல்லும். டேப்பை இரண்டு செ.மீ தள்ளிப் பிடிச்சு 92 என்று போட்டால் 23.6%. டேப் நழுவினால் கொழுப்பும் 'ஏறிடும்'. அப்படின்னா, அந்த டேப் அளவையே நேரடியா வெச்சுக்கலாமே?

டேப்பைப் பிடிக்கும் இடம் முக்கியம்

வெச்சுக்கலாம். வீட்டில் செய்யக்கூடியதில் அதிகம் நம்பக்கூடியது இன்ச் டேப்தான். ஆனா, பேன்ட் சைஸை இடுப்பு அளவுன்னு நினைக்காதீங்க. பலரும் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம். தொப்பை முன்னால் வளர்ந்துகொண்டே இருக்கும். பேன்ட் சைஸ் அப்படியே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை இது. விலாவில் கையை வெச்சு, கடைசி எலும்பின் கீழ் விளிம்பைத் தேடுங்க. அடுத்து, பக்கவாட்டில் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றணும். டேப் தரைக்கு இணையாக இருக்கட்டும். தோலைத் தொடணும், அழுத்தக் கூடாது. சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு, அந்த முடிவில் அளவு பாருங்க. வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கதான்.

காலையில் கழிவறை போன பிறகு, சாப்பிடுவதற்கு முன் அளந்தால் நல்லது. சாயங்காலம் சாப்பாடு, வாயு எல்லாம் சேர்ந்து அளவைக் கூட்டிவிடும். மாதவிடாய் நாள்களையொட்டி வயிறு உப்புவது சகஜம் என்பதால், பெண்கள் சுழற்சியின் அதே கட்டத்தில் எடுத்த அளவுகளோடு ஒப்பிடுவது சரி. மூணு தடவை அளந்து சராசரி எடுங்க. அப்படியும் ஒரு செ.மீ வரை முன்னே பின்னே இருக்கும். அதனால் அரை செ.மீ குறைஞ்சதுக்குக் கொண்டாட்டமும் வேண்டாம், கூடினதுக்கு அழுகையும் வேண்டாம்.

இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ, பெண்கள் 80 செ.மீ என்பதை எல்லையாக வைக்கிறார்கள். அதைத் தாண்டினால் சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து கூடுகிறது. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்கணும் என்பது இன்னொரு எளிய கணக்கு. கர்ப்பிணிகளுக்கு இவை பொருந்தாது. டேப்புக்கும் எல்லை உண்டு: தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பையும் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பையும் அதால் பிரிச்சுச் சொல்ல முடியாது.

போட்டோவை ஏமாற்றுவது சுலபம்

தலைக்கு மேலே லைட் இருந்தால் வயிற்றில் நிழல் விழுந்து தசைக்கோடு தெரியும். நேர் எதிரே ஜன்னல் இருந்தால் அதே வயிறு தட்டையாக, மழுப்பலாகத் தெரியும். விளம்பரங்களில் வரும் 'முன்–பின்' படங்களை ஒரே நாளில்கூட எடுக்க முடியும். லைட்டையும் நிற்கிற விதத்தையும் மாத்தினால் போதும்.

உங்களுக்காக எடுக்கும்போது செல்ஃபி வேண்டாம். கையெட்டும் தூரத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். சில போன்களின் முன் கேமராவில் பியூட்டி ஃபில்டரும் தானாக ஆன் ஆகியிருக்கும். போனை இடுப்பு உயரத்தில், இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி வெச்சு, பின் கேமராவில் டைமர் போடுங்க. அதே இடம், அதே நேரம், அதே உடை. முன், பக்கவாட்டு, பின் என்று மூணு படம், நாலு வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் எடுத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. படங்கள் குடும்ப ஆல்பத்தோடு கிளவுடில் ஏறாமல் லாக் ஃபோல்டரில் வையுங்க.

போட்டோவில் எண் கிடையாது. ஆனா, தோள், முதுகு, நிற்கும் விதம் என்று டேப்புக்குத் தெரியாததை அது காட்டும்.

மூணையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

170 செ.மீ உயரமுள்ள ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கலாம். தொடக்கத்தில் எடை 78 கிலோ, இடுப்பு 94 செ.மீ, ஸ்கேல் காட்டிய கொழுப்பு 27.5%. நாலு வாரம் கழிச்சு எடை 77.6, இடுப்பு 92.4, ஸ்கேலில் 28.1%. ஸ்கேலை மட்டும் பார்த்தால் அவர் தோத்துட்டார். ஆனா, ஸ்கேலில் கூடியது 0.6 தான், ஒரு லிட்டர் தண்ணீர் அதைவிட அதிகமாக ஏத்தும். இடுப்பில் குறைஞ்சது 1.6 செ.மீ, டேப்பின் தடுமாற்றத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கு. 'இறங்குற மாதிரி இருக்கு, பார்ப்போம்' என்பதுதான் இங்கே சரியான தீர்ப்பு.

12 வாரத்தில் எடை 76, இடுப்பு 89.5, ஸ்கேலில் 26.8%. இடுப்பு 4.5 செ.மீ குறைஞ்சிருக்கு. பக்கவாட்டுப் போட்டோவும் அதையே காட்டினால் சந்தேகமே வேண்டாம், தொப்பை இறங்கியிருக்கு. 90 என்ற எல்லைக்குள் வந்தாச்சு. உயரத்தில் பாதியான 85-க்கு இன்னும் தூரம் இருக்கு.

துல்லியமாகத் தெரிஞ்சே ஆகணும்னா டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. அது இரண்டு விதமான எக்ஸ்ரே கதிர்களால் எலும்பு, கொழுப்பு, தசையைப் பிரிச்சுப் பார்க்கும். அதிலும் சிறு பிழை வரும். மெஷின் மாறினால் அளவும் மாறும். தொப்பை இறங்குதான்னு தெரிஞ்சுக்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

ஸ்கேலை வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேண்டாம். எடை பார்க்க அது நல்ல மெஷின். கொழுப்புச் சதவிகிதத்தை மட்டும் ஒரு நாள் எண்ணா பார்க்காம, காலை அளவுகளின் மாதச் சராசரியா பாருங்க. சராசரியும் டேப்பும் வேற வேற கதை சொன்னா, டேப் சொல்றதைக் கேளுங்க.