சலாமை முந்திச் சொல்வோம்

சாக்கடை நீர் வாசலில் தேங்கியதற்காகப் பக்கத்து வீட்டாரோடு வாய்த்தகராறு வந்துவிட்டது. மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகாது, சலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை.

எப்படிச் சொல்வது? ஃபஜ்ரு முடிந்து அவர் தனியே திரும்புகையில், "அஸ்ஸலாமு அலைக்கும் பாய்" என்று வழக்கமான குரலில் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்போம். நின்றால், சண்டையைத் தொடர வந்திருக்கிறோம் என்று நினைப்பார். நாலு பேர் முன்னால் சொன்னால், பதிலுக்கு நெருக்குவது போலாகும்.

முணுமுணுப்பாகப் பதில் வந்தாலும் போதும். வராவிட்டால் காரணம் கேட்காமல் மறுநாளும் சொல்வோம். அவராக நின்று வீட்டாரின் நலம் விசாரித்தால், மனம் இளகிவிட்டது என்று பொருள். சலாம் சாக்கடையைச் சரிசெய்யாது. அந்தப் பேச்சைச் சில நாள் கழித்து, கொத்தனாரையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.