மழையா, ஏரியா?

போன வாரம் ஆய்வேட்டுக்கு பைண்டிங் போட்டுத் துறையில் ஒப்படைத்ததோடு நிறுத்தியிருந்தோம். இனி வைவா. முதுகலை வைவாவில் பேசுவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம் கிடைக்கும். எவ்வளவு என்பதைக் கைடிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

பாகூர்க்காரப் பெண் ஒருத்தி எம்.எஸ்சி. புராஜெக்டாகத் தன் ஊர் ஏரியையே எடுத்திருக்கிறாள் என்று கொள்வோம். சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஏரி நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. மொத்தம் 24 கிணறுகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறையும், மழை ஓய்ந்த பின் ஜனவரியில் ஒரு முறையும் அளந்திருக்கிறாள். கணக்கு பிடிபடுவதற்காக நான் போட்ட எண்கள் இவை.

அவள் முதலில் தயாரிக்கும் பிபிடி எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆய்வேட்டின் ஐந்து இயல்களும் அதே வரிசையில் ஸ்லைடுகளாக மாறியிருக்கும். நிலத்தடி நீர் என்றால் என்ன, உலகத்தில் நன்னீர் எத்தனை சதவீதம், முன்னாய்வுகள் மூன்று ஸ்லைடு, குறிக்கோள்கள் ஒரு ஸ்லைடு. இதற்குள் 9 நிமிடம் போய்விடும். "ரிசல்ட்டுக்கு வாம்மா" என்று எக்ஸ்டர்னல் சொன்னார் என்றால் அமைப்பு தவறிவிட்டது என்று பொருள். அதன்பின் அவள் அவசரமாக ஸ்லைடுகளைத் தள்ளுவாள். மாதக்கணக்கில் வெயிலில் அலைந்து எடுத்த அளவுகள் கடைசி 3 நிமிடத்தில் ஓடி மறையும்.

ஆய்வேடு எக்ஸ்டர்னலின் கையில் இருக்கிறது. அதை இன்னொரு தடவை சுருக்கிச் சொல்வதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. நீ சொல்லும் முடிவை நான் ஏன் நம்ப வேண்டும் என்பதே அவருடைய கேள்வி. ஆகவே அடுக்குவதை முடிவிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு அந்த வாக்கியத்தை உடைக்க நினைக்கும் ஆள் எங்கே கை வைப்பார் என்று யோசியுங்கள். அவர் கை வைக்கும் இடங்கள்தாம் உங்கள் ஸ்லைடுகள்.

நம் மாணவியின் வாக்கியம்: "ஏரிப் பாசனப் பரப்புக்குள் இருக்கும் கிணறுகளில் நீர்மட்டம் சராசரியாக 2.6 மீட்டர் ஏறியது."

இதை உடைக்க எக்ஸ்டர்னலுக்கு ஒரு நிமிடம் போதும். "மழை எல்லா ஊரிலும்தானேம்மா பெய்தது? ஏரியால்தான் ஏறியது என்று எப்படிச் சொல்கிறாய்?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கிறது. கிணறுகளில் 10, ஏரித் தண்ணீர் எட்டாத இடங்களில் உள்ளவை. அவற்றில் ஏற்றம் சராசரி 1.4 மீட்டர்தான். மீதி 1.2 மீட்டருக்கு ஏரியைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் இந்த ஒப்பீட்டை அவள் ஆய்வேட்டின் 47ஆம் பக்க அட்டவணையில் புதைத்துவிட்டாள். பிபிடியில் அது இல்லவே இல்லை. வாக்கியத்தையே மாற்ற வேண்டும்: "ஏரிப் பாசனத்துக்குள் இருக்கும் கிணறுகள், வெளியில் இருப்பவற்றைவிட 1.2 மீட்டர் கூடுதலாக ஏறின." தலைப்பு ஸ்லைடிலேயே, பெயருக்கும் பதிவு எண்ணுக்கும் கீழே, இந்த வாக்கியம் இருக்கட்டும்.

அடுத்தது வரைபடம். ஏரி, வாய்க்கால், ஆறு, 24 கிணறுகள், எல்லாம் ஒரே படத்தில். பாசனத்துக்குள் இருப்பவை ஒரு நிறம், வெளியில் இருப்பவை இன்னொரு நிறம். இதற்கு 2 நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஏனென்றால் அடுத்த தாக்குதல் இங்கிருந்துதான் வரும். வெளிக் கிணறுகளைக் குருவிநத்தம், சோரியாங்குப்பம் பக்கம் ஆற்றை ஒட்டி எடுத்திருந்தால் பெண்ணையாறே அவற்றை ஊறவைத்திருக்கும், ஒப்பீடு நிற்காது. அவள் ஆற்றைவிட்டுத் தள்ளித்தான் எடுத்திருக்கிறாள். அதை அவர் கேட்கும் வரை வைத்திருக்காமல், படத்தைக் காட்டும்போதே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது இடம் கிணற்றின் ஆழம். பாசனத்துக்குள் இருந்த 14 கிணறுகளில் 3 ஆழ்துளைக் கிணறுகள். மேல்மண்ணில் ஊறும் ஏரித் தண்ணீர், கீழே மணற்கல் அடுக்கிலிருந்து உறிஞ்சும் போர்வெல்லில் ஒரே பருவத்தில் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2.6 என்பது மீதி 11 கிணறுகளின் சராசரி. மூன்றை நீக்கியதை மறைத்தால் எண்ணைத் திருத்தியதாகத் தோன்றும். நீக்கியதையும் காரணத்தையும் சொன்னால் அதுவே முறையியல். முறையியல் ஸ்லைடில் இது ஒன்றை நிதானமாகச் சொன்னால் போதும். அளவு நாடாவின் படம், கருவியின் மாடல் எண் எதுவும் வேண்டாம்.

இத்தனையும் முடிய 6 நிமிடம். இனி முடிவுகளுக்கு 5 நிமிடம், அதில் இரண்டே படம். முதல் படத்தில் 21 கிணறுகளும் 21 புள்ளிகளாக இருக்கட்டும். சராசரியை மட்டும் இரண்டு பட்டைகளாகக் காட்டினால், ஒரே கிணறு எகிறியதால் வந்த சராசரியோ என்ற ஐயம் எழும். புள்ளிகளைப் பார்த்தால் அந்த ஐயம் தானாகத் தீரும், அல்லது உண்மை என்று தெரியும். இரண்டாவது படம், ஏரியிலிருந்து கிணற்றின் தூரமும் நீர்மட்ட ஏற்றமும். தூரம் கூடக்கூட ஏற்றம் குறைந்தால், ஏரிதான் காரணம் என்ற வாதத்துக்கு அது இரண்டாம் சாட்சி. குறையாவிட்டால் அதையும் காட்டத்தான் வேண்டும்.

அதன்பின் வரம்புகளுக்கு ஒரு ஸ்லைடு. நம் பிள்ளைகள் அதைக் குற்ற ஒப்புதல் போல நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு பருவம்தான் அளந்தது, பக்கத்து மோட்டார்கள் எவ்வளவு நேரம் ஓடின என்ற கணக்கு இல்லாதது, இந்த இரண்டையும் சொன்னால் போதும். ஒவ்வொன்றும் முடிவை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாசனப் பரப்புக்குள் மோட்டார் அதிகமாக ஓடியிருந்தால், அளந்த 1.2 மீட்டர் உண்மையான ஏற்றத்தைவிடக் குறைவாகவே இருக்கும். இப்படிச் சொல்லத் தெரிந்த மாணவியிடம் எக்ஸ்டர்னல் வேறு தொனியில் பேசுவார்.

முன்னாய்வுகளுக்குத் தனி ஸ்லைடு வேண்டாம் என்றால் கைடுகள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சண்டை போட வேண்டாம், ஒரு ஸ்லைடு வைத்து அரை நிமிடத்தில் கடந்துவிடுங்கள்.

"நன்றி" ஸ்லைடுக்குப் பின்னால் நான்கைந்து ஸ்லைடுகள் மறைவாக இருக்கட்டும்: 24 கிணறுகளின் முழு அட்டவணை, போர்வெல்களின் ஆழம், அந்த மாதங்களின் மழையளவு, போர்வெல்களையும் சேர்த்தால் சராசரி என்ன ஆகும் என்ற கணக்கு. கேள்வி வந்தால் மட்டும் திறக்க வேண்டும். ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினால் நேரே அங்கே போகும். எண்களை ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தமிழ் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத துறைக் கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி பென் டிரைவில் இருக்கட்டும். பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ பஸ் மாறி வந்து சேர்ந்தபின் எழுத்துருவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. முதல் நாளே அந்தக் கணினியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.